பென்ஷன் பணத்தில் தினமும் டிரேடிங் செய்யும் அப்பாவுக்கு மகள் எழுதும் கடிதம்: முழுமையான வழிகாட்டி

என் அப்பாவுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதினேன். அதற்குப் பிறகு தோழிகளும் உறவுக்காரப் பெண்களும் தங்கள் அப்பாக்களுக்கு எழுதியதைப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். எழுத்து பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சறுக்குவது வரிசையில். கணக்குப் பார்க்காமல் எழுத ஆரம்பிக்கிறார்கள், என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதனால் இங்கே வேலையின் பாதிக்கு மேல் பேனாவை எடுப்பதற்கு முன்பே வருகிறது.

நேரில் பேசினாலே போதாதா என்று கேட்பார்கள். பேச்சில் அப்பா உடனே பதில் சொல்லியாக வேண்டும். சொன்ன பதிலை அப்புறம் விட்டுக்கொடுக்க முடியாது. கடிதத்தை அவர் தனியாகப் படிக்கலாம், மூடி வைக்கலாம், இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுக்கலாம். அந்த அவகாசம் அவருக்குத் தேவை.

1. முதலில், பணம் சந்தைக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்

டிரேடிங்கில் நஷ்டம் என்பது ஒரு பிரச்சினை. டிரேடிங் என்ற பெயரில் மோசடி என்பது வேறு பிரச்சினை. இரண்டுக்கும் ஒரே கடிதம் உதவாது.

உண்மையான புரோக்கர் என்றால், வர்த்தகம் செய்த ஒவ்வொரு நாளும், அன்று வாங்கி விற்றதன் விவரமும் கட்டணமும் அடங்கிய கான்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வரும். பங்குச் சந்தையிலிருந்தும் அன்றைய வர்த்தகம் பற்றிக் குறுஞ்செய்தி வரும். பணம் புரோக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும். இவை எதுவும் இல்லாமல், வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் கொடுத்த ஆப், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயரில் பணம் அனுப்பச் சொல்வது, லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டச் சொல்வது என்றிருந்தால் அது மோசடி.

அப்படியானால் கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் தடுத்து நிறுத்த முடியும்.

2. ஒரே ஓர் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

அப்பா பொய் சொல்வதில்லை. "இன்னிக்கு நாலாயிரம் வந்தது" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவர் நினைவில் வைத்திருப்பது தனித்தனி நாட்களை. பல ஆப்களில் அன்றைய திரையில் தெரியும் லாபம், கட்டணங்களைக் கழிக்காத தொகை. ஒரு வருடத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பமே அமைவதில்லை. அந்தக் கூட்டலை நீங்கள் செய்துகொடுக்கிறீர்கள்.

கணக்கு இதுதான்: வங்கியிலிருந்து புரோக்கருக்குப் போன மொத்தப் பணம். அதில் புரோக்கரிடமிருந்து வங்கிக்குத் திரும்பி வந்ததைக் கழியுங்கள். இப்போது அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தையும் பங்குகளின் இன்றைய மதிப்பையும் கழியுங்கள். மீதி இருப்பது போன பணம்.

ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மாதம் 42,000 ரூபாய் பென்ஷன். ஏப்ரல் முதல் மார்ச் வரை புரோக்கருக்குப் போனது 9,40,000. திரும்பி வந்தது 2,85,000. கணக்கில் இருப்பது 1,60,000. போனது 4,95,000. பென்ஷனில் சொன்னால், கிட்டத்தட்ட பன்னிரண்டு மாதப் பென்ஷன். கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள். வாழ்நாள் முழுக்கச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்கு ரூபாயைவிட மாதம் உறைக்கும்.

அடுத்து, அதில் கட்டணம் எவ்வளவு என்று பிரியுங்கள். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ் என்று வைத்தால், ஒரு நாளைக்கு எட்டு முறை வாங்கி விற்பவருக்குப் பதினாறு ஆர்டர், 320 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 378 ரூபாய். வருடத்தில் 240 நாள் என்றால் 90,000 ரூபாயைத் தாண்டிவிடும். இதற்கு மேல் பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை எல்லாம் இருக்கின்றன. நம் மாதிரியில் எல்லாம் சேர்த்து 1,12,000 என்று கொள்வோம். அதாவது, வாங்கியதும் விற்றதும் சரிக்குச் சரியாக முடிந்திருந்தால்கூட இந்தப் பணம் போயிருக்கும். இது அப்பாவின் திறமையைக் குறை சொல்லாத கணக்கு என்பதால் அவரால் எளிதாக ஏற்றுக்கொள்ள முடியும்.

இந்த விவரங்கள் எங்கே கிடைக்கும்? அப்பா அம்மா பெயரில் கூட்டுக் கணக்கு இருந்தால் பாஸ்புக்கே போதும். இல்லையென்றால் வருமான வரிக் கணக்கைக் காரணமாகச் சொல்லிக் கேளுங்கள். அது சாக்கு இல்லை, உண்மையான தேவை. விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்து வாங்கும் குறுகிய கால ஒப்பந்தமான ஆப்ஷனோ, வாங்கிய பங்கை அன்றே விற்கும் இன்ட்ராடேயோ செய்தால் அது தொழில் வருமானக் கணக்கில் வரும். பென்ஷன்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். அதற்கு ஆண்டு லாப நஷ்ட அறிக்கையும், பணம் போனதையும் வந்ததையும் காட்டும் லெட்ஜரும் வேண்டும். இரண்டையும் புரோக்கரின் தளத்திலிருந்தே இறக்கலாம்.

அவர் போனை எடுத்து, கடவுச்சொல் போட்டு, தெரியாமல் பார்க்காதீர்கள். கணக்கு சரியாக இருந்தாலும், அது வந்த வழி தெரிந்தவுடன் பேச்சு அந்த வழியைப் பற்றியதாக மாறிவிடும். எண் கிடைக்கவே இல்லையென்றால் கடிதத்தில் அந்த மூன்று வரிகளையும் காலியாக விட்டு, "நீங்களே நிரப்பிப் பாருங்கள்" என்று எழுதுங்கள். கணக்கு வாத்தியார்களும் வங்கிக்காரர்களும் காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்கமாட்டார்கள்.

3. என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

"ஷேர் மார்க்கெட்டே வேண்டாம்" என்று கேட்பது பெரிய தவறு. பத்து வருடமாக வைத்திருக்கும் வங்கிப் பங்கும், நேற்று வாங்கி இன்று காலாவதியாகும் ஆப்ஷனும் ஒன்று அல்ல. அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துத் திட்டினால், உங்களுக்கு விஷயம் தெரியாது என்று அவர் முடிவு செய்துவிடுவார். அதோடு கடிதம் முடிந்தது.

கேட்பது இவ்வளவு குறுகலாக இருக்கட்டும்: ஆப்ஷன், அதைப் போன்ற இன்னொரு ஒப்பந்தமான ஃபியூச்சர், இன்ட்ராடே நிற்க வேண்டும். கணக்கில் உள்ள ரொக்கம் வங்கிக்குத் திரும்ப வேண்டும். நீண்ட காலமாக வைத்திருக்கும் பங்குகள் இருக்கலாம். தேதியும் சேருங்கள். "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று கேட்டால் சரி என்பார். எதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று யாருக்கும் தெரியாது.

4. அம்மாவிடம் முதலில் பேசுங்கள், கையெழுத்து ஒருவர் மட்டும் போடுங்கள்

அம்மாவுக்குத் தெரியாமல் இந்தக் கடிதம் போகக் கூடாது. அது வந்து சேரும் நாளில் வீட்டில் அப்பாவோடு இருக்கப்போவது அவர்தான். எண்ணை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்வதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் கடிதம் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன், தம்பி, மாப்பிள்ளை எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். குறிப்பாக மருமகனுக்குத் தெரியும் என்ற எண்ணமே பல அப்பாக்களுக்குத் தாங்க முடியாதது. மகள் மட்டும் எழுதட்டும்.

5. கடிதத்தை இந்த வரிசையில் எழுதுங்கள்

முதல் பத்தியிலேயே கேட்க வந்ததைச் சொல்லிவிடுங்கள். நீளமாகப் பாசம் எழுதிவிட்டு விஷயத்துக்கு வந்தால், மகளுக்குப் பணக் கஷ்டமோ, வீட்டில் சண்டையோ என்று அவர் பதறிக்கொண்டே படிப்பார். அடுத்து எண். அதற்கடுத்து, விட்டதைப் பிடிக்கும் எண்ணம். அதன்பின் அவர் கையில் மிச்சம் இருப்பவை. கடைசியில் தேதி.

விட்டதைப் பிடிப்பது பற்றிய பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நஷ்டத்தின் அளவைக் காட்டினால் அவர் நிறுத்திவிடுவார் என்று நினைக்கிறார்கள். ஆனால் 4,95,000 என்ற எண்ணைப் பார்த்தவுடன் அவர் மனதில் வரும் முதல் நினைப்பு, இதை எப்படி மீட்பது என்பதுதான். அடுத்த நாள் இரண்டு லாட் வாங்கிய இடத்தில் ஐந்து லாட் வாங்குவார். எண்ணைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே, அது திரும்பி வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். அப்பாவை "நீ" என்று கூப்பிடும் மகள் திடீரென்று "தாங்கள்" என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் போல இருக்கும். நம் மாதிரிக் குடும்பத்துக்கான கடிதம் இது:

> அன்புள்ள அப்பாவுக்கு,
>
> பென்ஷன் பணத்தை வெச்சு தினமும் ஆப்ஷன் டிரேடிங் பண்றதை நீங்க நிறுத்தணும்னு கேட்கத்தான் இதை எழுதறேன். எனக்கோ அவருக்கோ இந்தப் பணத்துல ஒரு ரூபாய்கூட வேண்டாம். இது உங்களோடதும் அம்மாவோடதும்.
>
> வரிக் கணக்குக்காக நீங்க கொடுத்த லெட்ஜரைக் கூட்டிப் பார்த்தேன். போன ஏப்ரல்லேருந்து இந்த மார்ச் வரைக்கும் பேங்க்லேருந்து போனது 9,40,000. திரும்பி வந்தது 2,85,000. இப்ப இருக்கறது 1,60,000. குறையறது 4,95,000. உங்க பென்ஷன்ல கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதுல 1,12,000 வெறும் கட்டணம். கூட்டல்ல தப்பு இருந்தா நீங்களே திருத்துங்க, பேப்பரை இதோட வெச்சிருக்கேன்.
>
> அந்தப் பணம் திரும்பி வரணும்னு நானும் அம்மாவும் எதிர்பார்க்கல. அதை மீட்டுட்டு நிறுத்தலாம்னு தயவுசெய்து நினைக்காதீங்க. போனது போகட்டும். அதுக்காக யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டோம்.
>
> மார்க்கெட்டை விட்டுடுங்கன்னு சொல்லலப்பா. வேலைல இருக்கும்போது நீங்க வாங்கின பங்கெல்லாம் அப்படியே இருக்கட்டும். அதைப் பத்தி நீங்க சொல்றதைக் கேட்க எனக்கு எப்பவும் பிடிக்கும். பேங்க்ல இருக்கற எட்டு லட்சத்தை போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்துல போட்டா, 8.2 சதவீதத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவை 16,400 வரும். அம்மாவோட மாத்திரைச் செலவுக்கு அது போதும்.
>
> வர்ற இருபதாம் தேதிக்குள்ள ஆப்ஷன் கணக்கை மூடிட்டு, அந்த 1,60,000-ஐ பேங்குக்கு எடுத்துடுங்க. ரெண்டாவது சனிக்கிழமை நான் வரேன். உட்கார்ந்து சேர்ந்தே செய்யலாம். உங்களுக்கு வேற யோசனை இருந்தாலும் அன்னிக்குச் சொல்லுங்க, கேட்கறேன்.
>
> உங்க மகள்

ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கணக்குத் தாளைத் தனியாக இணையுங்கள். கையால் எழுதினால் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டிப்ஸ் குழுக்களின் செய்திகளுக்கு நடுவில் இதுவும் ஒன்றாகக் கிடக்கும்.

6. இந்த வரிகளை எடுத்துவிடுங்கள்

"அன்னிக்கே சொன்னேன்" என்பது எந்த வடிவில் வந்தாலும் அடித்துவிடுங்கள். உங்கள் எண்ணத்தில் அது ஆதங்கம்; அவர் காதில் அது தீர்ப்பு.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று எழுதாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு காலை 9:15 முதல் மாலை 3:30 வரை அவருக்கு ஒரு வேலை நேரம் கிடைத்திருக்கிறது. யோசிக்க, முடிவெடுக்க, மூளையைப் பயன்படுத்த ஓரிடம் அது. வயதைச் சொன்னால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். "கோயில் குளம்னு போங்க" என்பதும் இதே வகைதான்.

"நீங்க நிறுத்தலைனா நான் வீட்டுக்கு வரமாட்டேன்" போன்ற மிரட்டல் வேண்டாம். அப்பா நிறுத்தியதாகச் சொல்லிவிட்டு மறைவாகத் தொடர்வதற்கு அதுதான் நேர் வழி.

புள்ளிவிவரத்தை எங்கே வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர் ஆப்ஷனில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று அது சொல்கிறது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஆய்வின்படி, பங்குகளில் இன்ட்ராடே செய்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு 2022-23-ல் நஷ்டம். இவை உண்மை, ஆனால் கடிதத்தின் தொடக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு அப்பாவும் தன்னை மீதி 7 சதவீதத்தில் சேர்த்துக்கொள்வார். அவருடைய சொந்த எண்ணைப் பார்த்த பிறகு, "எனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சா?" என்று அவர் கேட்டால், அப்போது சொல்லுங்கள். அந்த நேரத்தில் இது ஆறுதலாக இருக்கும்.

7. கொடுக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு அல்லது சனிக்கிழமை காலை கொடுங்கள். சந்தை திறக்க இரண்டு நாள் இருக்கும். படித்த கோபத்தில் உடனே ஓர் ஆர்டர் போட முடியாது.

ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளின் மாலையைத் தவிருங்கள். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி ஆப்ஷன் செவ்வாய்க்கிழமையும், சென்செக்ஸ் ஆப்ஷன் வியாழக்கிழமையும் முடிகின்றன. பெரிய நஷ்டமும் பெரிய லாபமும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும். நஷ்ட நாளில் கொடுத்தால் காயத்தில் குத்தியதாகும். லாப நாளில் கொடுத்தால் கடிதம் பொய்யாகத் தெரியும். பேரப்பிள்ளைகள், உறவினர்கள் கூடியிருக்கும் பண்டிகை நாளும் வேண்டாம்.

கொடுத்த பிறகு ஒரு வாரம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். வழக்கம்போலப் போன் செய்யுங்கள், வழக்கமானதைப் பேசுங்கள்.

8. அவர் ஒப்புக்கொண்டால், அன்றே செய்ய வேண்டியவை

சம்மதம் கிடைத்த உற்சாகத்தில் இந்தப் படியைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். ஆப் போனில் இருக்கும்வரை திங்கட்கிழமை காலை 9:15 அவரை இழுக்கும்.

முதலில் இன்னும் முடிக்காமல் இருக்கும் ஆப்ஷன், ஃபியூச்சர் ஒப்பந்தங்களை அடுத்த வர்த்தக நாளில் மூட வேண்டும். "இது மட்டும் லாபத்துக்கு வரட்டும்" என்று ஒன்றை விட்டுவைத்தால் அதிலிருந்தே எல்லாம் மறுபடியும் தொடங்கும். அடுத்து ரொக்கத்தை வங்கிக்கு எடுக்க வேண்டும். மூன்றாவதாக, புரோக்கரிடம் சொல்லி ஃபியூச்சர் ஆப்ஷன் பிரிவையே முடக்க வேண்டும். டீமேட் கணக்கை மூடத் தேவையில்லை, பங்குகள் அங்கே இருக்கும். சில ஆப்களில் கில் ஸ்விட்ச் என்ற வசதி உண்டு. அது சில மணி நேரத்துக்குத்தான் தடுக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். டிப்ஸ் குழுக்களிலிருந்து அவரே அவர் கையால் வெளியேறட்டும்.

வங்கிக்கு வந்த பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கக் கூடாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், காலம் ஐந்து வருடம், போடும்போது இருக்கும் வட்டி கடைசிவரை மாறாது. ஒரு வருடத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு இந்தத் தடையே உதவி: அவசரத்தில் எடுத்து மறுபடியும் புரோக்கருக்கு அனுப்ப எளிதில் மனம் வராது. வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பதால், போடும் அன்று அஞ்சலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரியில் ஒரு விஷயம். ஆப்ஷன் நஷ்டத்தைப் பென்ஷன் வருமானத்தில் கழிக்க முடியாது. உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை முன்கொண்டு செல்லலாம். இன்ட்ராடே நஷ்டம் என்றால் நான்கு ஆண்டுகள், அதையும் அதே வகை லாபத்தோடு மட்டும்தான் ஈடுகட்டலாம். இதை ஆடிட்டர் சொல்லும்போது, "அப்போ லாபம் பண்ணினா வரி இல்லையே" என்று அப்பாவுக்கு மறுபடியும் ஆசை வரும். இதை முன்னாலேயே எதிர்பார்த்து, ஆடிட்டரிடம் போகும்போது கூடவே போங்கள்.

9. அவர் மறுத்தால்

முதல் பதில் "முடியாது" என்று வருவது சகஜம். இரண்டாவது கடிதத்தை உடனே எழுதாதீர்கள். நேரில் போய், ஒரே ஒரு மாற்று வழியைக் கேளுங்கள்: கணக்கில் இருப்பது 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அது தீர்ந்தால் வங்கியிலிருந்து புதிதாக எதுவும் போகக் கூடாது, மூன்று மாதம் கழித்து அதே கூட்டலை இருவரும் சேர்ந்து போட வேண்டும். மீதிப் பணம் அதற்கு முன்பே அஞ்சலகத்துக்குப் போய்விட வேண்டும். மூன்று மாதக் கணக்கை அவரே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வழி போதாது. நகைக் கடன், தனிநபர் கடன், நண்பர்களிடம் கைமாற்று வாங்கி டிரேடிங் செய்வது. நிறுத்த வேண்டும் என்று அவரே பலமுறை முயன்றும் முடியாமல் போவது. தூக்கம் கெடுவது, தொகையை அம்மாவிடம் மறைப்பது. இது சூதாட்டப் பழக்கத்தைப் போன்ற நிலை, மருத்துவ உதவி வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். முதல் அழைப்பை நீங்களே செய்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களிடம் கேட்கலாம். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற மாதிரி அவர் பேச ஆரம்பித்தால் பணக் கணக்கை எல்லாம் நிறுத்திவிட்டு, அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.